பல்வகுப்பறைக்கான பாட வடிவமைப்பு: மூன்று வகுப்புகள் இணைந்து கற்கும் கழித்தல் பாடம்

ஆய்வுச் சுருக்கம்

ஓராசிரியர் முதல் மூன்று வகுப்புகளையும் ஒரே அறையில் ஒரே வேளையில் கற்பிக்கும் சூழலில், பாட வடிவமைப்பு எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. ஆசிரியர் உடனில்லாத நேரத்தில் குழந்தை செய்யும் பணியே முதலில் வடிவமைக்கப்பட வேண்டும் என்பதும், அப்பணி தன் பிழையைத் தானே காட்டும் வகையில் அமைய வேண்டும் என்பதும் இதன் கருதுகோள். கழித்தல் என்னும் ஒரு பாடப்பொருள் 80 நிமிடப் பாடமாக எடுத்துக்கொள்ளப்பட்டு, அதன் பணிகளும் எண்தேர்வும் விளக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: பல்வகுப்பறை, பாட வடிவமைப்பு, கழித்தல், இனமாற்றம், தற்சரிபார்ப்பு, செயல்வழிக் கற்றல்.

முன்னுரை

பல்வகுப்பறை என்பது ஆசிரியர் பற்றாக்குறையால் எப்போதேனும் நேரும் விதிவிலக்கு என்று கருதுவோர் உளர். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையைப் பார்த்தால் அக்கருத்து நிற்காது. முதல் ஐந்து வகுப்புகள் கொண்ட பள்ளியில் 60 குழந்தைகள் வரை இருந்தால் இரண்டு ஆசிரியர்கள் என்று அது வரையறுக்கிறது. ஐந்து வகுப்புகளை இருவர் பகிர்ந்துகொண்டால், ஒருவருக்குக் குறைந்தது மூன்று வகுப்புகள் வந்தே தீரும். தமிழகச் சிற்றூர்த் தொடக்கப் பள்ளிகள் பலவற்றில் முதல் மூன்று வகுப்புகள் ஒருவரிடமும், நான்கும் ஐந்தும் மற்றவரிடமும் இருப்பது இக்கணக்கின் விளைவே.

இச்சூழலுக்குத் தமிழகம் புதிதன்று. திண்ணைப் பள்ளிகளில் வெவ்வேறு வயதினர் ஒன்றாக அமர்ந்தனர். மூத்த மாணவனாகிய சட்டாம்பிள்ளை இளையோருக்கு எழுத்தறிவித்தான். 1789இல் சென்னை ஆண் அனாதைச் சிறுவர் இல்லத்தின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளியொன்றில் குழந்தைகள் மணலில் எழுதிக் கற்றதைக் கண்டு, அதனையும் மாணவரே மாணவருக்குக் கற்பிக்கும் முறையையும் தம் இல்லத்தில் கையாண்டார். 1797இல் இலண்டனில் அவர் வெளியிட்ட நூலின் வழியாக அது ‘மதராஸ் முறை’ என்னும் பெயரில் பரவியது.

அண்மைக் காலத்தில் இருவகை முயற்சிகள் குறிப்பிடத்தக்கன. ஆந்திரத்தின் மதனப்பள்ளியை அடுத்த ரிஷிவேலியில் உருவான கற்றல் ஏணி முறையைத் தழுவி, 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கப்பட்டது. பின்னர் மாநிலம் முழுவதற்கும் விரிந்தது. அதில் ஒவ்வொரு குழந்தையும் ஏணியில் தனக்குரிய படியில் நின்று, அப்படிக்குரிய அட்டையை எடுத்துக் கற்றது. 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டமோ, வகுப்பைப் பாராமல் கற்றல் நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் எனக் குழந்தைகளைப் பிரித்தது. முன்னது தனியாள் வேகத்தை மதித்தது. ஆயினும் அறையில் இருபது குழந்தைகள் இருபது படிகளில் நின்றபோது, ஒரு பொருளைப் பற்றி அனைவரும் கூடிப் பேசும் வாய்ப்பு அருகியது. ஆசிரியரின் நேரத்தில் பெரும்பங்கு அட்டைகளை மேலாள்வதில் கழிந்தது. பின்னது குழுவை மீட்டது. ஆனால் மூன்று குழுக்களுக்கு ஒரே ஆசிரியர் என்னும் நேரச் சிக்கல் அப்படியே நின்றது. இக்கட்டுரை அந்த நேரச் சிக்கலையே எடுத்துக்கொள்கிறது.

நேரக் கணக்கு

இரு பாடவேளைகள் இணைந்த 80 நிமிடப் பாடம் ஒன்றைக் கொள்வோம். முதல் வகுப்பில் 7, இரண்டாம் வகுப்பில் 9, மூன்றாம் வகுப்பில் 7 என 23 குழந்தைகள். முதல் 12 நிமிடம் அனைவருக்கும் பொதுவான தொடக்கம். அடுத்த 10 நிமிடம் ஆசிரியர் முதல் வகுப்புடனும், அதன்பின் 20 நிமிடம் மூன்றாம் வகுப்புடனும், 15 நிமிடம் இரண்டாம் வகுப்புடனும் அமர்கிறார். பின்னர் 8 நிமிடம் எல்லாக் குழுக்களையும் சுற்றிப் பார்க்கிறார். இறுதி 15 நிமிடம் மீண்டும் பொது.

இப்பகிர்வில் சமமின்மை தெரிகிறது. அது வேண்டுமென்றே வைக்கப்பட்டது. புதிய கருத்தை அன்று சந்திக்கும் குழுவுக்கே நீண்ட, இடையறாத நேரம் தேவை. இப்பாடத்தில் அது மூன்றாம் வகுப்பு. ஆறு வயதுக் குழந்தைகளோ அருகிருந்து தொடங்கிவைத்தாலொழியப் பணியில் இறங்கார். எனவே அவர்களுக்கு நேரம் குறைவு, ஆனால் முன்னுரிமை. மூன்று குழுவினருக்கும் நேரத்தைச் சமமாகப் பங்கிடுவது நேர்மையாகத் தோன்றினும், புதிய கருத்து பாதியில் அறுபடும் வாய்ப்பு அதில் மிகுதி.

இக்கணக்கின் மறுபக்கமே முதன்மையானது. 22ஆம் நிமிடம் முதல் 57ஆம் நிமிடம் வரை, அதாவது 35 நிமிடம், முதல் வகுப்புக் குழந்தைகளிடம் ஆசிரியர் வருவதில்லை. இரண்டாம் வகுப்பு பொதுத் தொடக்கம் முடிந்ததும் 30 நிமிடம் தனித்து இயங்குகிறது. வழக்கமான பாடத்திட்டக் குறிப்பேடு ஆசிரியர் என்ன சொல்வார் என்பதை எழுதுகிறது. இந்த 30, 35 நிமிடங்களைப் ‘பயிற்சி’ என்னும் ஒரே சொல்லில் கடந்துவிடுகிறது. பல்வகுப்பறைப் பாடம் உடைவது பெரும்பாலும் அவ்விடத்தில்தான். ஆகவே வடிவமைப்பு அங்கிருந்தே தொடங்க வேண்டும்.

பொதுத் தொடக்கம்: விடையின்றி நிற்கும் ஒரு கேள்வி

மூன்று வகுப்புகளுக்கும் பொதுவான துணைக்கருவி ஈர்க்குச்சி. சாண் அளவில் நறுக்கி, பத்துப் பத்தாக இரப்பர் வளையமிட்ட கட்டுகளும் சில உதிரிகளும் போதும். மணிச்சட்டத்தில் பத்தாமிடத்து மணி ஒன்று பத்துக்கு ஈடு என்பது ஏற்றுக்கொள்ளப்பட்ட வழக்கம் மட்டுமே. அம்மணியைப் பிரிக்க இயலாது. கட்டை அவிழ்க்கலாம். இனமாற்றத்தை முதன்முதலில் காட்டும்போது இவ்வேறுபாடு பெரிது.

ஆசிரியர் 3 கட்டும் 4 உதிரியும் எடுத்து வைக்கிறார். உதிரியில் 2 கொடுத்தால் உதிரி எத்தனை மிஞ்சும் என்று முதல் வகுப்பைக் கேட்கிறார். குச்சிகளை மீண்டும் சேர்த்து, ஒரு கட்டும் 2 உதிரியும் கொடுத்தால் என்ன ஆகும் என்று இரண்டாம் வகுப்பைக் கேட்கிறார். 34−12, மிஞ்சுவது 22. மறுபடியும் சேர்த்து, ‘பதினாறு வேண்டும், ஒரு கட்டைக் கொடுத்துவிட்டேன், இன்னும் ஆறு வேண்டும், உதிரியில் நான்குதான் இருக்கிறது’ என்று நிறுத்துகிறார். விடை சொல்லப்படுவதில்லை. மூன்றாம் வகுப்பினர் இருவர் மூவராகக் குச்சிகளுடன் சென்று வழி தேடுகின்றனர். ஆசிரியர் முதல் வகுப்புடன் இருக்கும் 10 நிமிடத்தை அவர்களுக்கு நிரப்புவது இந்த விடையற்ற கேள்விதான்.

இளையோர் அக்கேள்வியைக் கேட்பதும் பயனற்றதன்று. தாம் செய்யும் கழித்தல் எங்குச் செல்கிறது என்பதை அவர்கள் பார்த்துவிடுகின்றனர். தனிவகுப்பறையில் இவ்வாய்ப்பு கிட்டாது.

முதல் வகுப்பின் 35 நிமிடம்

ஆறு வயதுக் குழந்தை ஒரே பணியில் 35 நிமிடம் நிலைப்பது அரிது. எனவே மூன்று சிறு பணிகள் வரிசையாக வைக்கப்படுகின்றன. அவற்றைச் செய்யும் முறையை ஆசிரியர் தம் 10 நிமிடத்தில் காட்டிவிடுகிறார்.

முதலாவது கொட்டாங்கச்சி விளையாட்டு. இருவர் சேர்ந்து எட்டுப் புளியங்கொட்டைகளை எண்ணி வைக்கின்றனர். ஒருவர் கண்ணை மூட, மற்றவர் சிலவற்றைக் கொட்டாங்கச்சியால் மூடுகிறார். வெளியே தெரிவதைப் பார்த்து மறைந்தவை எத்தனை என்று சொல்ல வேண்டும். கொட்டாங்கச்சியைத் தூக்கினால் விடை தெரியும். சரியா தவறா என்று கேட்க ஆசிரியரிடம் ஓட வேண்டியதில்லை. இரண்டாவது, ஆடியதைச் சுவரின் கீழ்மட்டக் கரும்பலகையில் வட்டமிட்டு, மறைந்தவற்றை அடித்துக் காட்டுதல். மூன்றாவது, உதிரிக் குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டுதல்.

மூன்றாம் பணி நேரத்தைக் கடத்தும் வேலையாகத் தோன்றலாம். அறையின் மறுபக்கத்தில் மூன்றாம் வகுப்பினர் கட்டுகளை அவிழ்த்துக்கொண்டிருக்கின்றனர். அவர்களுக்கு மீண்டும் கட்டுகள் வேண்டும். முதல் வகுப்பு கட்டுவது மெய்யாகவே தேவைப்படுகிறது. ஆனால் இதில் ஓர் இடருண்டு. ஒரு கட்டில் ஒன்பது குச்சியே இருந்தால், அதை அவிழ்க்கும் மூன்றாம் வகுப்புக் குழந்தை முறையாகச் செய்தும் விடையில் ஒன்று குறையும். ஒரு குழுவில் மட்டும் எல்லா விடைகளும் ஒன்று குறைந்து வந்தால், ஆசிரியர் கணக்கைப் பார்ப்பதற்கு முன் கட்டைப் பார்க்க வேண்டும். கட்டுகளை இரண்டாம் வகுப்புக் குழந்தை ஒருவர் எண்ணிச் சரிபார்த்துக் கூடையில் இடுவது நல்லது.

இரண்டாம் வகுப்பின் சங்கிலி அட்டைகள்

விடையைப் பின்புறம் எழுதிய அட்டைகள் தற்சரிபார்ப்புக்குப் பரவலாகப் பயன்படுகின்றன. குழந்தை முதலில் திருப்பிப் பார்த்துவிடும் என்பது அவற்றின் வெளிப்படையான குறை. அவை எந்தத் தடயத்தையும் விட்டுவைப்பதில்லை என்பது அதனினும் பெரிய குறை. அரைமணி கழித்து வரும் ஆசிரியருக்கு, குழந்தை எங்கே தடுமாறியது என்பது தெரியாது.

சங்கிலி அட்டைகள் இவ்விரண்டையும் தீர்க்க முயல்கின்றன. ஓர் அட்டையின் விடையே அடுத்த அட்டையின் முதல் எண். 98−15 என்பதில் தொடங்கினால் 83 வரும். 83−21 என்னும் அட்டையைத் தேட வேண்டும். அது 62−30க்கும், அது 32−11க்கும், அது 21−10க்கும் கொண்டுசெல்லும். 11 என்னும் எண்ணும் ஒரு பூவும் வரைந்த அட்டை முடிவு. விடை தவறினால் அடுத்த அட்டை கிடைக்காது. குழந்தை தானே திரும்பிப் பார்க்கும்.

இவ்வாறே விட்டுவிட்டால், கணக்கிடாமல் அட்டைகளைப் பொருத்திப் பார்த்தே சிலர் முடித்துவிடுவர். எனவே இரண்டு பொய் அட்டைகள் சேர்க்கப்படுகின்றன; அவை மனம்போன போக்கில் எழுதப்படுவனவல்ல. 62−30இல் ‘இரண்டிலிருந்து சுழியம் போனால் சுழியம்’ என்று கருதும் குழந்தைக்கு 30 வரும். ஆகவே 30−10 என்று ஓர் அட்டை. 32−11இல் கழிப்பதற்கு மாறாகக் கூட்டும் குழந்தைக்கு 43 வரும். ஆகவே 43−12 என்று மற்றோர் அட்டை. முதற்பொய்யைப் பின்பற்றினால் 20இல் சங்கிலி அறும். இரண்டாவதில் 31இல் அறும். ஆசிரியர் 42ஆம் நிமிடத்தில் வந்து அமரும்போது, தரையில் அறுந்து கிடக்கும் சங்கிலியே எந்தக் குழந்தைக்குச் சுழியத்தில் சிக்கல் என்பதைச் சொல்லிவிடும். அவருடைய 15 நிமிடம் எங்குச் செலவாக வேண்டும் என்பதும் அதனால் முடிவாகும். சங்கிலியை விரைவில் முடிப்போருக்கு வேறு எண்கள் கொண்ட இரண்டாம் தொகுப்பு தேவை; ஒன்பது பேருக்கு இவ்வகையில் நான்கைந்து தொகுப்புகள் போதும்.

மூன்றாம் வகுப்பும் எண்களின் தேர்வும்

ஆசிரியர் வரும்போது மூன்றாம் வகுப்பினர் பெரும்பாலும் ஏதேனும் ஒரு வழி கண்டிருப்பர். ஒரு கட்டை அவிழ்த்து 2 கட்டு, 14 உதிரி என ஆக்கியிருக்கலாம். அதுவே பாடநூலின் இனமாற்றம். சிலர் இருந்த 4 உதிரியையும் கொடுத்துவிட்டு, மீதி 2க்காகக் கட்டை அவிழ்த்திருப்பர். 34−14=20, 20−2=18. இதுவும் சரியே. இதைத் தவறென்று ஒதுக்கும் ஆசிரியர், தாம் இல்லாத நேரத்தில் குழந்தை சிந்தித்ததைத் தண்டித்தவராவார். இரு வழிகளையும் அருகருகே வைத்து, ஏட்டில் எழுதும்போது எது எளிது என்று கேட்பதே முறை. அதன்பின் குச்சியில் செய்த ஒவ்வொரு செயலும் பத்துகள், ஒன்றுகள் என்னும் இரு கட்டங்களில் உடனுக்குடன் எழுதப்படுகிறது.

42ஆம் நிமிடத்திற்குப் பின் இக்குழு தனித்துச் செய்யும் பயிற்சியில், எண்களைத் தேர்ந்தெடுப்பதே வடிவமைப்பின் நுண்மையான பகுதி. இனமாற்றக் கழித்தலில் இரு பிழைகள் மிகுதி. ஒன்று, மேலே கீழே என்று பாராமல் பெரியதிலிருந்து சிறியதைக் கழிப்பது; கழித்தல் பிழைகளை 1978இல் வகைப்படுத்திய பிரவுன், பர்ட்டன் ஆகியோரும் இதனைக் குறித்துள்ளனர். மற்றொன்று, பத்தைக் கடன் வாங்கிவிட்டுப் பத்தாமிடத்தில் ஒன்றைக் குறைக்க மறப்பது. முன்னதில் குழந்தைக்குக் கருத்தே எட்டவில்லை. பின்னதில் கருத்து எட்டியது, எழுதும் ஒழுங்கு தவறியது. இரண்டுக்கும் மருந்து வேறு.

இப்போது 52−27 என்னும் கணக்கை நோக்குக. சரியான விடை 25. முதற்பிழை செய்பவர் 7−2=5, 5−2=3 என்று 35 எழுதுவார். இரண்டாம் பிழை செய்பவர் 12−7=5, 5−2=3 என்று அதே 35ஐ எழுதுவார். ஏட்டைப் பார்க்கும் ஆசிரியரால் இருவரையும் பிரித்தறிய இயலாது. ஒன்றாமிட இலக்கங்களின் வேறுபாடு 5 ஆக இருக்கும்போதெல்லாம் இப்படியே நேரும். தனிவகுப்பு ஆசிரியர் குழந்தையை அழைத்து ‘எப்படிச் செய்தாய்’ என்று கேட்டுத் தெரிந்துகொள்வார். மூன்று குழுவினரையும் சுற்ற 8 நிமிடமே உள்ளவருக்கு அது கூடாது. விடையே பேச வேண்டும். 63−27 என்று எண்ணை மாற்றினால் சரியான விடை 36, முதற்பிழைக்கு 44, இரண்டாம் பிழைக்கு 46. 41−19இல் முறையே 22, 38, 32. ஒரு பார்வையில் பிழையின் வகை தெரிந்துவிடுகிறது.

பயிற்சியில் நான்கு கணக்குகள் போதும்: 63−27, 57−34, 41−19, 76−42. இரண்டில் அவிழ்க்க வேண்டும், இரண்டில் வேண்டியதில்லை. ஒவ்வொன்றையும் செய்யுமுன் ‘கட்டை அவிழ்க்க வேண்டுமா’ என்பதற்குக் குறியிட வேண்டும். அனைத்தும் இனமாற்றக் கணக்குகளாகவே இருந்தால், குழந்தை எண்களைப் பாராமல் எங்கும் அவிழ்க்கப் பழகிவிடும். 57−34க்கு ‘113’ என்னும் விடை வந்தால் அப்பழக்கம் தொடங்கிவிட்டது என்று பொருள்: தேவையின்றிப் பத்தை அவிழ்த்து, 17−4=13, 4−3=1 என்று எழுதியதன் விளைவு அது.

இடையீடும் துணையும்

இப்பாடத்தைச் சிதைப்பன இரண்டு. முதலாவது, மூன்றாம் வகுப்பின் 20 நிமிடத்திற்குள் இளையோர் வரிசையாக வந்து ‘முடித்துவிட்டேன்’ என்று காட்டுவது. ஒவ்வொரு வருகையும் சில நொடியே எனினும், அவிழ்த்த கட்டுக்கும் எழுதும் எண்ணுக்கும் இடையிலான தொடர்பு ஒவ்வொரு முறையும் அறுகிறது. முடித்த பணியை இடுவதற்கு ஒரு தட்டு, அடுத்து எடுப்பதற்கு ஒரு தட்டு என்னும் ஏற்பாட்டைப் பாடம் தொடங்குமுன் சில நாள் பழக்கியிருக்க வேண்டும். பழக்கியும் வருகை குறையவில்லையெனில், குறை குழந்தையிடமன்று. பணி தன்னைத் தானே சரிபார்க்கவில்லை என்பதே பெரும்பாலும் காரணம்.

இரண்டாவது, சட்டாம்பிள்ளைச் சிக்கல். விரைவில் முடித்த மூத்த குழந்தை இளையவருக்கு உதவ வருகிறது. உதவி என்பதற்கு விடையைச் சொல்லிவிடுதல் என்று அது பொருள் கொள்கிறது. உதவுபவர் இளையவரின் கொட்டைகளையோ குச்சிகளையோ தொடக்கூடாது, கேள்வி மட்டுமே கேட்கலாம் என்ற ஒரே விதி ஓரளவு பயன்தரும். எனினும் அதே குழந்தை நாள்தோறும் உதவியாளராக நின்றால், அதன் சொந்தக் கற்றல் நேரம் குறைவதைக் கவனிக்க வேண்டும். மதராஸ் முறையின் மீது எழுந்த குறைகளுள் இதுவும் ஒன்று.

மூன்றாம் வகுப்பில் இருந்தும் இருபதுக்குள் கழிக்கத் தடுமாறும் குழந்தையின் நிலை தனிக்கவனத்திற்குரியது. அதை முதல் வகுப்புடன் உட்கார வைத்தால் நிலைக்கேற்ற பணி கிடைக்கும்; உடன் பயில்வோர் முன் இகழ்ச்சியும் கிடைக்கும். குழந்தையை இடம்பெயர்க்காமல் பணியைப் பெயர்ப்பது இவ்வடிவமைப்பில் இயலும். அக்குழந்தை தன் குழுவிலேயே குச்சிகளைக் கையாளும் பொறுப்பை ஏற்று, ஒவ்வொரு அவிழ்ப்பின்போதும் உதிரிகளை எண்ணிச் சொல்லலாம். அது செய்வது 14−6 என்னும் இருபதுக்குள்ளான கழித்தலே.

இறுதிப் பதினைந்து நிமிடம்

பொது முடிவில் முதல் வகுப்புக் குழந்தை கட்டும் உதிரியும் கொடுக்க, இரண்டாம் வகுப்புக் குழந்தை எண்ணாக எழுத, மூன்றாம் வகுப்புக் குழந்தை கூட்டிச் சரிபார்க்கிறது. அதன்பின் ஒவ்வொருவரும் சிலேட்டில் தத்தம் நிலைக்குரிய ஒரு கணக்கைச் செய்து வைக்கின்றனர். குழந்தைகள் சென்றபின், ஆசிரியர் அந்த 23 சிலேட்டுகளைச் சரியானவை, எழுதும் ஒழுங்கில் தவறியவை, கருத்தில் தவறியவை என மூன்று அடுக்காகப் பிரிக்கலாம். மூன்றாம் வகுப்பின் ஏழு சிலேட்டுகளில் மூன்றாம் அடுக்குக்கு நான்கு வந்தால், மறுநாளும் அந்த 20 நிமிடம் அவர்களுக்கே. ஒன்றோ இரண்டோ வந்தால், நீண்ட நேரம் இரண்டாம் வகுப்புக்குச் செல்லும். அவ்விருவரும் சுற்றிவரும் 8 நிமிடத்தில் முதலில் பார்க்கப்படுவர்.

இவ்வடிவமைப்புக்கு எல்லைகள் உண்டு. அளத்தல், வடிவங்கள், கூட்டல், கழித்தல் முதலிய பாடப்பொருள்கள் மூன்று வகுப்புகளிலும் வளர்நிலையில் வருவதால், ஒரே துணைக்கருவியில் அவற்றை இணைக்க முடிகிறது. முதல் வகுப்பின் தொடக்க மாதங்களில் எழுத்தறிமுகத்திற்கு இது பொருந்தாது; அங்கு ஒலியைக் கேட்டுத் திருத்த ஆசிரியரின் செவி வேண்டும், எந்த அட்டையும் அதற்கு ஈடாகாது. மற்றோர் ஆசிரியர் விடுப்பிலோ பயிற்சியிலோ இருக்கும் நாளில் ஐந்து வகுப்புகளும் ஒருவரிடம் வரும்போதும் மேற்கண்ட நேரப் பகிர்வு செல்லாது. அந்நாளுக்கென முன்பே செய்து பழகிய சங்கிலி அட்டைகளும் கொட்டாங்கச்சி விளையாட்டும் கைகொடுக்கும். புதிய கருத்தை அன்று தொடங்காதிருப்பதே நன்று.